அம்மாவின் சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் காசு குறைகிறது: உங்களுக்கும் நடந்ததா?

வாசன், மல்லாகம்
அம்மாவுக்குக் கனடாவிலிருந்து தம்பி மாதம் 20,000 ரூபா போடுகிறான். 5ஆம் திகதி காசு விழும், அன்றைக்கே சுன்னாகத்துக்குப் போய் மெசினில் எடுத்துவிடுவோம். கணக்கில் 300 ரூபா அளவில்தான் மிஞ்சும். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 50 ரூபா கழிந்திருக்கிறது. பக்கத்தில் விளங்காத ஒரு சுருக்கெழுத்து மட்டும். கவுண்டரில் கேட்டதற்கு, "மினிமம் பலன்ஸ் 1,000, அதுக்குக் கீழே போய்விட்டது" என்றார்கள். மாதம் 20,000 வருகிற கணக்குக்கு இது எப்படிப் பொருந்தும்? வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

ரதி, தெல்லிப்பழை
எங்களுக்கும் வந்தது அண்ணா. மாதம் முடியிற நாளில் 1,000 இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். மாதக் கடைசி நாளில் போட்டுவிட்டு மறுநாள் எடுத்துவிடுவேன். எனக்கு இப்போது வெட்டுவதில்லை.

கொக்குவில் ஐயா (வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்)
பிள்ளை, உங்கள் வங்கியில் அது சரியாக இருக்கலாம், எல்லா இடமும் அப்படியில்லை. சில வங்கிகள் மாதத்தில் ஒரு நாள் குறைந்தாலே வெட்டும். சில, ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கிற மீதியைக் கூட்டி, நாட்களால் பிரித்துச் சராசரி பார்க்கும். வாசன் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சராசரி முறை என்று வையுங்கள். காலையில் விழுந்த காசை மாலைக்குள் எடுத்தால், அன்றைய முடிவு மீதி 300தான். அந்த 20,000 கணக்கிலேயே வராது. மாதம் முழுக்கச் சராசரி 300, கட்டணம் விழும். அதே காசை மூன்று இரவு விட்டு 8ஆம் திகதி எடுத்தால், 3 நாள் 20,300, மிச்சம் 27 நாள் 300. கூட்டினால் 69,000, முப்பதால் பிரித்தால் 2,300. கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாள் குறைந்தாலே வெட்டுகிற வங்கியென்றால் இது உதவாது. அங்கே 1,000ஐத் தொடாமல் விடுவதுதான் வழி.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சரியாக 1,000ஐ மட்டும் விட்டு வைத்திருப்பார்கள். ஏரிஎம் கார்ட்டின் வருடக் கட்டணமோ எஸ்எம்எஸ் கட்டணமோ கழிந்ததும் மீதி 1,000க்குக் கீழே போகும். அடுத்த மாதம் தண்டம், அதனால் மீதி இன்னும் கீழே, பிறகும் தண்டம். ஆகவே மேலதிகமாக ஒரு ஆயிரம் விட்டு வையுங்கள். மெசின் உங்களைத் தடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். சில வங்கிகளில் அது மினிமத்துக்குக் கீழேயும் காசு தரும்.

சிவா, கோண்டாவில்
என்னுடைய கணக்கு கொழும்பில் படித்த காலத்தில் திறந்தது. கனகாலம் தொடவில்லை, இப்போது செயலிழந்தது என்கிறார்கள். அதுவும் இந்தத் தண்டம்தானே?

கொக்குவில் ஐயா
அது வேறு தம்பி. நீண்ட நாள் கொடுக்கல் வாங்கல் இல்லாததால் வந்தது, மீதி குறைந்ததால் இல்லை. அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் திரும்பவும் இயங்க வைக்கலாம்.

ரதி, தெல்லிப்பழை
அப்போ நான் மறுநாள் எடுப்பது ஆபத்தா ஐயா?

கொக்குவில் ஐயா
இதுவரை வெட்டவில்லைதானே. ஆனாலும் உங்கள் கணக்கு வகைக்குரிய கட்டண அட்டவணையை வாங்கி, எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். வாசன், உங்கள் அம்மாவுக்கு வயதானவர்களுக்கான கணக்கோ மினிமம் குறைந்த வேறு வகையோ அதே கிளையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாற்றும்போது கணக்கு இலக்கமும் மாறினால் தம்பிக்கு உடனே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காசு திரும்பிப் போகும்.

வாசன், மல்லாகம்
இன்று கேட்டேன் ஐயா, எங்களுடையது சராசரி முறைதான். இந்த மாதம் 9ஆம் திகதி எடுக்கப் போகிறோம். வெட்டிய காசைத் திருப்பித் தர முடியுமா என்றதற்கு, எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார்கள்.

மீரா, அரியாலை
எழுதிக் கொடுங்கள் வாசன், பிரதியில் கிளை முத்திரை வாங்கி வையுங்கள். எனக்குக் கடைசி மூன்று மாதத்துக் கட்டணத்தை மட்டும் திருப்பிப் போட்டார்கள். என் அக்காவுக்கு இன்னொரு வங்கியில் ஒரு சதமும் வரவில்லை. வங்கி பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம், ஆனால் முதலில் வங்கியிடமே முறையிட்டிருக்க வேண்டும்.

சிவா, கோண்டாவில்
கணக்கு திறக்கும்போதே இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

கொக்குவில் ஐயா
கையெழுத்து வைக்கிற படிவத்தில் இருக்கும் தம்பி. தமிழில் தந்தார்களா, வாசிக்க நேரம் கொடுத்தார்களா என்பது வேறு கதை. அதையும் வாசன் தன் கடிதத்தில் எழுதலாம்.