டஸ்ட்டா, லீஃபா: 340 ரூபாய்த் தூளும் 460 ரூபாய்த் தூளும்

பழையபேட்டை பேக்கரி:
கிருஷ்ணகிரியில் பேக்கரி வைத்திருக்கிறேன். டீ போட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது, ஒரு நாளைக்கு 150 கிளாஸ் போகும். இப்போது வாங்குவது கிலோ 340 ரூபாய் டஸ்ட். போன வாரம் ஒரு சேல்ஸ்மேன் 460 ரூபாய் லீஃப் கொண்டுவந்தார். டஸ்ட்டில் கிளாஸுக்கு இரண்டு கிராம் போட்டால் இதில் ஒன்றரை கிராம் போதும், செலவு ஒன்றுதான், ருசி கூடுதல் என்கிறார். என் எதிரிலேயே இரண்டையும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து டீ போட்டுக் காட்டினார், கலர் ஒன்றாகத்தான் இருந்தது. சாயங்கால டீ கடுக்கிறது என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். லீஃபுக்கு மாறலாமா?

குன்னூர் மருமகன்:
கண்ணை மூடிக்கொண்டு மாறுங்கள். டஸ்ட் என்றால் பேரிலேயே தூசி இருக்கிறது. ஃபேக்டரியில் நல்ல இலையை எடுத்த பிறகு தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுவதுதான் அது. என் மாமனார் வீடு குன்னூர். அங்கே வீட்டுக்கு யாரும் டஸ்ட் வாங்க மாட்டார்கள், ருசி லீஃபில்தான். கடுப்பு வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் என்ன யோசனை?

தூள்கடை, தர்மபுரி:
மருமகன் சார், மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு ஃபேக்டரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பச்சை இலையை வாட வைத்து, பல் வைத்த ரோலர்களுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறார்கள். அது காற்றுப்பட்டுச் சிவந்த பிறகு காய வைத்து, கடைசியில் சல்லடைக்கு அனுப்புகிறார்கள். மேல் சல்லடையில் நிற்கும் பெரிய குருணை லீஃப், கீழே இறங்கும் பொடிசு டஸ்ட். காலையில் ஒரே தோட்டத்தில் பறித்த ஒரே இலைதான் இரண்டும். கொச்சி ஏலத்தில் விற்பதில் பெரும்பகுதி டஸ்ட்தான். நல்ல தோட்டத்து டஸ்ட், சுமாரான லீஃபைவிட அதிக விலைக்குப் போவதை நான் 20 வருடமாகப் பார்க்கிறேன்.

கூட்டி அள்ளும் கழிவும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத் தேயிலைக் கழிவு என்று தனிப் பெயர். அதைத் தூளில் கலக்க விடாமல் கட்டுப்படுத்த 1959-லேயே ஆணை வந்துவிட்டது. பொடியாக இருப்பதால் டஸ்ட்டில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. டஸ்ட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது அதனால்தான்.

பேக்கரித் தம்பி, அந்த ஆள் ஸ்பூனில் அளந்தார் என்கிறீர்கள். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டார் என்று கவனித்தீர்களா?

ஓசூர் நைட் ஷிப்ட்:
லீஃப் பக்கமே போகாதீர்கள் அண்ணா. நான் ஆசைப்பட்டு 100 கிராம் 400 ரூபாய்க்கு நீள நீளமாக முழு இலை வாங்கினேன். வழக்கம்போல பாலில் போட்டுக் கொதிக்க விட்டால் வெந்நீரில் பால் கலந்த மாதிரி இருந்தது. நாலு ஸ்பூன் போட்டும் நிறம் ஏறவில்லை. மீதி பாக்கெட் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

தூள்கடை, தர்மபுரி:
தம்பி வாங்கியது வேறு சாதி. அது ஆர்த்தடாக்ஸ், இலையை முறுக்கிக் காய வைப்பது. அவர் கேட்பது குருணை லீஃப், ரோலரில் அடிபட்டது. இரண்டையும் கடையில் லீஃப் என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. உங்கள் பாக்கெட்டைப் பாலில் போட்டு வீணாக்காதீர்கள். கொதித்த தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி, இரண்டரை கிராம் இலை போட்டு, நாலு நிமிடம் மூடி வைத்து, வடித்துப் பால் இல்லாமல் குடியுங்கள். அதே இலையில் இன்னொரு தடவையும் ஊற்றலாம். குன்னூர் மருமகன் சொல்லும் ருசி அங்கேதான் இருக்கிறது, அதில் அவர் சொல்வது சரி. பேக்கரி டீயில் முக்கால்வாசி பாலும் சர்க்கரையும். அங்கே மணத்தை எதிர்பார்த்துக் காசு போடுவதில் அர்த்தமில்லை.

பழையபேட்டை பேக்கரி:
நேரத்தைக் கவனிக்கவில்லை சார். டஸ்ட்டைச் சட்டென்று இறக்கிவிட்டு லீஃபைப் பேசிக்கொண்டே அடுப்பில் விட்டார், இப்போதுதான் உறைக்கிறது. கேக்குக்கு வைத்திருக்கும் தராசில் ஸ்பூனையும் நிறுத்துப் பார்த்தேன். அதே ஸ்பூன் தலை தட்டி எடுத்தால் டஸ்ட் மூன்று கிராம், லீஃப் இரண்டு கிராம்.

தூள்கடை, தர்மபுரி:
அவ்வளவுதான் வித்தை. பொடிசு நெருங்கி உட்காரும், குருணைக்கு நடுவே காற்று நிற்கும். ஸ்பூன் ஒன்று, எடை வேறு. குறைந்த எடையில் அதே கலர் வந்தது என்று காட்ட அதை மூன்று நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டிருக்கிறார். டஸ்ட்டின் பலம் வேகம்தான். ஒரே எடையில் தண்ணீர் படும் பரப்பு அதில் பல மடங்கு அதிகம், அதனால் இரண்டு நிமிடத்தில் சாறு இறங்கிவிடும். லீஃபுக்கு நாலைந்து நிமிடம் வேண்டும். வீட்டில் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கொதிக்க விடுபவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பஸ் கிளம்பப் போகிறது என்று நிற்பவருக்கு டீ போடுகிற கடைக்குத்தான் அந்த மூன்று நிமிடம் பெரிய விஷயம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். டஸ்ட் இரண்டு கிராம் 68 காசு. லீஃப் அவர் சொல்கிற ஒன்றரை கிராம் என்றால் 69 காசு, சமம்தான். இரண்டரை கிராம் தேவைப்பட்டால் 1 ரூபாய் 15 காசு. கிளாஸுக்கு 47 காசு, 150 கிளாஸுக்கு ஒரு நாளைக்கு 70 ரூபாய் வித்தியாசம். அதனால் எத்தனை கிராம் தேவை என்பதை நீங்களே நிறுத்து, ஒரே நேரம், ஒரே பால் வைத்துப் போட்டுப் பாருங்கள். பால் ஊற்றிய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். டிகாக்ஷன் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பென்னாகரம் டீச்சர்:
நடுவில் ஒன்று கேட்கிறேன் தம்பி. டீ எந்தத் தண்ணீரில் போடுகிறீர்கள்? போர் தண்ணீரா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா? எங்கள் பக்கம் போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஆடை படியும், நிறமும் கறுத்து மங்கிவிடும்.

இன்னொன்று. நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு கதை எல்லோருக்கும் தெரியும். தேயிலைச் செடியே மண்ணிலிருந்து ஃப்ளோரைடை எடுத்து இலையில் சேர்த்து வைக்கும், முற்றிய இலையில் அதிகம். முற்றிய இலையில் செய்யும் மலிவுத் தூளை ஃப்ளோரைடு உள்ள போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்ளும். கொதிப்பதால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும்.

குன்னூர் மருமகன்:
பாருங்கள், டீச்சரும் டஸ்ட் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.

பென்னாகரம் டீச்சர்:
நான் அப்படிச் சொல்லவில்லை சார். முற்றிய இலை லீஃபாகவும் வரும், டஸ்ட்டாகவும் வரும். தண்ணீரை மாற்றுங்கள் என்கிறேன்.

பழையபேட்டை பேக்கரி:
மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டேன், பத்துப் பத்து கிளாஸாக.

லீஃப் ஒன்றரை கிராம், இரண்டு நிமிடம்: பால் ஊற்றியதும் வெளிறிவிட்டது. அதையே ஐந்து நிமிடம் விட்டேன். டிகாக்ஷன் நல்ல சிவப்பு, ஆனால் பால் ஊற்றினால் நாக்கில் ஒன்றும் நிற்கவில்லை. 2.3 கிராம், நாலு நிமிடம் வைத்தபோதுதான் எங்கள் மாஸ்டர் சரி என்றார். கிளாஸுக்கு 1 ரூபாய் 6 காசு வருகிறது. குடிக்க மென்மையாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

டஸ்ட் இரண்டு கிராம், இரண்டு நிமிடம்: நன்றாக இருந்தது. காலையில் யாரும் கடுக்கிறது என்று சொல்லாததற்கும் காரணம் கிடைத்தது. கூட்டத்தில் டிகாக்ஷன் உடனுக்குடன் தீர்ந்துவிடும். மதியத்துக்கு மேல் மாஸ்டர் துணி வடிகட்டியைத் தூளோடு டிகாக்ஷனிலேயே தொங்க விட்டுவிடுகிறார், அது முக்கால் மணி நேரம் சூட்டில் ஊறுகிறது. போதாததற்கு அதே சக்கை மேலே கொஞ்சம் புதுத் தூள் போட்டு மறுபடி கொதிக்க வைக்கிறார். ஒகேனக்கல் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். ஆடை போய்விட்டது, நிறம் செங்கல் மாதிரி பளிச்சென்று வந்தது.

தூள்கடை, தர்மபுரி:
உங்கள் கடுப்பு அந்தத் துணிப் பையில்தான் இருக்கிறது. சாறும் நிறமும் முதலில் இறங்கும், துவர்ப்பு ஊற ஊற ஏறிக்கொண்டே போகும். டஸ்ட்டில் எல்லாமே வேகம் என்பதால் கெடுவதும் வேகம். 15 கிளாஸுக்கு மேல் ஒரே தடவை போடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் பையைத் தூக்கிவிடுங்கள், சக்கைக்கு மறுவாழ்வு கொடுக்காதீர்கள். மாஸ்டரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டு பையை விட்டுப் போய்விடப் போகிறார்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
டஸ்ட்டில் சாயம் கலக்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சைத் தண்ணீரில் போட்டால் உடனே கலர் விட்டால் சாயம் என்று வாட்ஸப்பில் வந்தது.

தூள்கடை, தர்மபுரி:
அதை வைத்து டஸ்ட்டைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பொடிசு என்பதால் சுத்தமான டஸ்ட்டே பச்சைத் தண்ணீரில் லீஃபைவிடச் சீக்கிரம் நிறம் விடும். வடிகட்டும் தாளை நனைத்து, தூளைப் பரப்பி, ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிவிட்டுக் குழாயில் காட்டிக் கழுவுங்கள். நல்ல தூளென்றால் லேசான பழுப்புக் கறைதான் நிற்கும், சாயமென்றால் கறுத்த புள்ளியாகவோ கோடாகவோ ஒட்டிக்கொண்டு போகாது. சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுங்கள்.

பழையபேட்டை பேக்கரி:
முக்கால் பங்கு டஸ்ட், கால் பங்கு லீஃப் கலந்தால்? இரண்டு கிராமுக்கு 74 காசுதான் வருகிறது. ருசி எனக்குப் பிடித்தது.

தூள்கடை, தர்மபுரி:
கலக்கலாம், ஆனால் டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். ஆட ஆடப் பொடிசு அடியில் இறங்கும், குருணை மேலே நிற்கும். மேல்பாதி டப்பா சப்பென்று இருக்கும், அடிப்பாதி கடுக்கும். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக நிறுத்துப் போட்டால் சரி. எனக்கென்னவோ அந்தக் கால் பங்கு லீஃப் பாலில் தெரியுமா என்பது சந்தேகம்தான். அதே ஆறு காசைக் கூட்டி நல்ல தோட்டத்து டஸ்ட் 370-க்கு வாங்கிவிடலாம்.

குன்னூர் மருமகன்:
தெரியும். எனக்குத் தெரிகிறது. இரண்டு கிளாஸில் பேர் சொல்லாமல் ஊற்றி வையுங்கள், கிருஷ்ணகிரிக்கே வந்து சொல்கிறேன்.

பழையபேட்டை பேக்கரி:
வாங்க சார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்று கிளாஸ் வைக்கிறேன், மூன்றாவதில் 370 டஸ்ட். டீச்சர் அக்கா, தண்ணீர் ஒகேனக்கல் தண்ணீர்தான்.