70 எழுத்துக்குள் இதை அடக்க வழி உண்டா?

காட்பாடியில் ஒரு லேப்புக்காக எஸ்எம்எஸ் அறிவிப்புகளைத் தமிழாக்குகிறேன். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70தான். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனி எண்ணிக்கை. 'மட்டும்' என்பதே 7. தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு.

முழுதாக எழுதினால் 122 வந்தது. 'நாளை காலை 7 மணிக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும்.' என்று சுருக்கினேன், 61. போன மாதம் அதைத்தான் அனுப்பினோம். பலர் டீ குடித்துவிட்டு வந்தார்கள். "டீ சாப்பாடா சார்?" என்றார் ஒரு பெரியவர், நியாயம்தான். இன்னொரு அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்து வாங்கினார்.

அப்புறம் மாற்றியது:

'நாளை காலை 7க்கு ரத்த டெஸ்ட். 10 மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் மட்டும்'

சரியாக 70. ஆனால் 7 என்பது 6.30 ஆனால் 73. 'காலை'யை எடுத்தால் மாலையில் வந்து நிற்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் 160 கிடைக்கும். குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் வயதானவர்கள் அதைப் படிப்பதில்லை.

நேரம், 10 மணி நேரக் கணக்கு, தண்ணீர் மட்டும் என்ற மூன்றும் கெடாமல் இன்னும் 3 எழுத்தை எங்கே குறைக்கலாம்?