பில் வாங்கும் பெண் வேலையை விடுகிறார், கிளையன்ட்டுக்கு எப்போது சொல்வது?

பின்னலாடை_கணக்கு: திருப்பூரில் சின்ன ஜிஎஸ்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன், 38 கிளையன்ட். எல்லாருக்கும் பழக்கமான ஒரு பெண் ஏழு வருஷமாக இருக்கிறார், கல்யாணமாகி ஓசூர் போகிறார், வரும் 25ஆம் தேதியோடு சரி. இன்றைக்கு 6. புதுப் பையன் சேர்ந்துவிட்டான். கிளையன்ட்டுக்கு இப்போதே சொல்வதா, 20ஆம் தேதி GSTR-3B முடிந்த பிறகு சொல்வதா? வாட்ஸ்அப்பில் பொதுவாக ஒரு மெசேஜ் போட்டால் போதாதா?

லெட்டர்பேடு: போதும் சார். லெட்டர்பேடில் நாலு வரி, புதுப் பையன் பெயர், நம்பர், பிடிஎஃப் ஆக்கி எல்லாருக்கும் அனுப்புங்கள். ஆனால் 20க்கு முன்னால் வேண்டாம். ஃபைலிங் நேரத்தில் சொன்னால் 38 பேரும் போன் அடிப்பார்கள், வேலை நின்றுவிடும்.

ஈரோடு_பழையவர்: லெட்டர்பேடு, எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சரி. தேதிதான் தப்பு. 21ஆம் தேதி சொன்னால் 25 வரைக்கும் நாலே நாள், அந்த நாலு நாளில் கிளையன்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் நடக்காது. அடுத்த மாதம் GSTR-1 நெருக்கத்தில்தான் பையனோடு முதல் தடவை பேசுவார்கள், அப்போது கேட்க அந்தப் பெண் இருக்க மாட்டார். இப்போதே சொன்னாலும் சரியில்லை, 11ஆம் தேதிக்கான பில் வந்து கொட்டிக்கொண்டிருக்கும். 12ஆம் தேதி சொல்லுங்கள். 14ஆம் தேதி GSTR-2B வரும், அதைக் கொள்முதல் பில்லோடு ஒத்துப் பார்ப்பது, விடுபட்ட சப்ளையரைத் துரத்துவது, 3B போடுவது எல்லாம் பையன் செய்யட்டும், அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு சுற்று வேலையை இரண்டு பேரும் சேர்ந்து முடித்ததைக் கிளையன்ட் கண்ணால் பார்த்துவிடுவார். அதற்கு மேல் நம்பிக்கைக் கடிதம் எதற்கு?

லெட்டர்பேடு: அண்ணா, பையன் கைவைத்த முதல் 3Bயிலேயே ஒரு தப்பு வந்தால்? "ஆளை மாத்தினீங்க, அதான்" என்பார்கள். பழைய ஆள் கையால் முடிந்த பிறகு மாற்றினால் அந்தப் பேச்சே வராது.

ஈரோடு_பழையவர்: தப்பு அடுத்த மாதமும் வரலாம் தம்பி, அப்போது திருத்தத் தெரிந்த ஆள் ஓசூரில் இருப்பார்.

நூல்கடை: நான் கிளையன்ட் பக்கத்து ஆள், என் கதையைச் சொல்கிறேன். என் கணக்கைப் பார்த்த ஆபீஸில் ஆள் போனதை யாரும் சொல்லவில்லை. பில் எல்லாம் அந்தத் தம்பியின் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதுதான் வழக்கம், அனுப்பிக்கொண்டே இருந்தேன், நீல டிக்கும் விழுந்தது, பார்த்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். கடைசி ஒன்பது பில் GSTR-1இல் ஏறவில்லை. நிட்டிங் யூனிட்காரர் போன் பண்ணி "உங்க பில் என் 2Bயில் வரவே இல்லை, கிரெடிட் எடுக்க முடியலை, பேமென்ட்டை நிறுத்தறேன்" என்று சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஆள் போனதுகூட எனக்குப் பெரிய கோபம் இல்லை.

ஈரோடு_பழையவர்: இதைத்தான் சொல்ல வந்தேன். கிளையன்ட் பயப்படுவது முகம் மாறுவதற்கு இல்லை, அந்தப் பெண் மண்டைக்குள்ளும் போனுக்குள்ளும் இருப்பது காணாமல் போகும் என்றுதான். அதனால் மெசேஜுக்கு முன் ஒரு நோட்டில் 38 பேருக்கும் இன்னும் முடியாமல் கிடப்பதை எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு ஓர் ஏற்றுமதிக்காரர், ரீஃபண்ட் மனு போட்டிருக்கிறார், போர்ட்டலில் RFD-08 நோட்டீஸ் வந்து கிடக்கிறது என்று வையுங்கள். 15 நாளுக்குள் RFD-09இல் பதில் போட வேண்டும். அந்தத் தேதி அவர் தலையில் மட்டும் இருந்தால் போச்சு. இந்த ஆளுக்குப் பொது மெசேஜ் அனுப்பாதீர்கள், நீங்களே போனில் கூப்பிடுங்கள், அந்தப் பெண்ணும் பையனும் பக்கத்தில் இருக்கட்டும், பேசி முடித்ததும் எழுத்தில் அனுப்புங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். காலையில் போனில் சொன்னதுதான். நம்ம மேடம் 25ஆம் தேதியோடு வேலையிலிருந்து விலகுகிறார், கல்யாணமாகி ஓசூர் போகிறார். இன்று முதல் உங்கள் கணக்கைத் தம்பி பார்க்கிறார், 25 வரை மேடமும் கூடவே இருப்பார். உங்கள் ரீஃபண்ட் நோட்டீஸுக்குப் பதில் தயாராகிறது, 18ஆம் தேதி உங்கள் பார்வைக்கு வரும், 20க்குள் போர்ட்டலில் ஏற்றிவிடுவோம். பில்லை இனி ஆபீஸ் நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள், வந்து சேர்ந்ததும் எண்ணிக்கையோடு பதில் வரும். எது தாமதமானாலும் நேராக என்னைக் கூப்பிடுங்கள்."

"சேவையில் எந்தக் குறையும் இராது" என்று ஒரு வரிகூட இதில் இல்லை, கவனியுங்கள். 18ஆம் தேதி என்று போட்டால் 18ஆம் தேதி அனுப்பியாக வேண்டும், அதுதான் சிரமம்.

பின்னலாடை_கணக்கு: நன்றி சார். காரணம் சொல்லத்தான் வேண்டுமா? "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று போடலாம் என்று இருந்தேன்.

ஈரோடு_பழையவர்: அதைப் படித்ததும் பணம் கையாடினாரோ என்றுதான் நம்ம ஊரில் நினைப்பார்கள். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் கல்யாணம் என்று போடுங்கள். வேண்டாம் என்றால் "விலகுகிறார்" என்பதோடு நிறுத்துங்கள்.

கொங்கு_டாக்ஸ்: எனக்கு என்னமோ கேள்வியே வேறாகத் தெரிகிறது. இந்தப் பெண் 38 கிளையன்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடாமல் எப்படித் தடுப்பது என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் சிம் கார்டை வாங்கி வையுங்கள்.

பின்னலாடை_கணக்கு: இல்லை மேடம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை, சிம்மும் அவர் சொந்த சிம்தான். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு ஒன்று உறைக்கிறது. நாலைந்து சின்னக் கடைக்காரர்களுக்குப் பதிவு எடுக்கும்போது போர்ட்டலில் அவர் மொபைலையும் அவர் மெயிலையும்தான் கொடுத்திருக்கிறோம். ஓடிபிக்காக ஓனரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று.

ஈரோடு_பழையவர்: அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மெசேஜை ஓரமாக வையுங்கள், இதை முதலில் முடியுங்கள். Services > Registration > Amendment of Registration Non-Core Fields போய், Authorized Signatory விவரத்தில் மொபைலையும் மெயிலையும் மாற்ற வேண்டும். இதற்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. ஆனால் EVC போட்டுச் சமர்ப்பித்தால் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும், அதனால் அவர் ஆபீஸில் இருக்கும்போதே செய்யுங்கள். புது நம்பராகப் பையனுடையதைக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு வருஷத்தில் அவனும் போவான், திரும்ப இதே கூத்து. ஓனர் நம்பரைக் கொடுங்கள்.

லெட்டர்பேடு: ஓனர் நம்பர் கொடுத்தால் 20ஆம் தேதி ராத்திரி ஓடிபி கேட்டு அவர் பின்னால் ஓட வேண்டும். சாய ஆலைக்காரர் ஒருத்தர் போனே எடுக்க மாட்டார். சொல்வது சுலபம் அண்ணா.

ஈரோடு_பழையவர்: எடுக்க மாட்டார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் துறை அனுப்பும் நோட்டீஸ் மெயில் வேலையை விட்டுப் போனவர் இன்பாக்ஸில் விழுவதற்கு அது தேவலை.

நூல்கடை: கடைக்காரனாக ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் என் ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்த நாலைந்து கடைக்காரர்களிடமும் "இதுவரை எங்கள் ஆள் நம்பர் இருந்தது, இப்போது உங்கள் நம்பருக்கு மாற்றுகிறோம்" என்று சொல்வீர்களா, சத்தம் போடாமல் மாற்றிவிடுவீர்களா?

பின்னலாடை_கணக்கு: சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நாளைக்கு முதல் கடைக்கு நேரில் போகிறேன். மற்றவர்களுக்கு 12ஆம் தேதி போன்.

லெட்டர்பேடு: 21. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 12ஆம் தேதி சொன்னால் உங்கள் போன் சூடாகிவிடும்.