புதுப்பிப்பு: என் சீக்கோ 5 விற்பனை விளம்பரம்

“சீக்கோ 5 கைக்கடிகாரத்தை விற்கிறேன். ‘மிகத் துல்லியம், 100 மீட்டர் நீர்புகாது’ என்று எழுதினால் போதுமா?”

இதுதான் நான் முன்பு கேட்ட கேள்வி. போதாது. ஜார்ஜ்டவுனில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது 4ஆர்36 தானியங்கி இயந்திரம் என்று உறுதிசெய்தார். கை அசைவில் தானே சாவி ஏறும், கையாலும் சாவி கொடுக்கலாம். “துல்லியம் என்று எழுதாதீர்கள் தம்பி, எண்ணை எழுதுங்கள்” என்றார். இதற்கு நிறுவனம் சொல்லும் வரம்பே நாளுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்பதுதான். தினமும் கையில் கட்டி, இரவு ஒரே நேரத்தில் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டேன். நாளுக்கு 12 முதல் 15 விநாடி முந்துகிறது. அப்படியே எழுதிவிட்டேன். தம் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே 15 விநாடிதான் பிசகுகிறது என்று பட்டர்வொர்த் நண்பர் வாதிட்டார். அது பேட்டரியில் ஓடுவது, இது சுருள்வில்லில் ஓடுவது. இந்த ஒப்பீடு பொருந்தாது.

100 மீட்டர் என்றால் தாராளமாக நீந்தலாம் என்றார் இன்னொருவர். புதிய கடிகாரத்துக்குச் சரி. பழையதில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும், மூடியையும் திறந்தாயிற்று. ஆகவே, “தயாரிப்பில் 100 மீட்டர், இப்போது அழுத்தச் சோதனை செய்யவில்லை, நீச்சலுக்கு வேண்டாம்” என்று சேர்த்தேன்.

வார் 22 மி.மீ. மாட்டுத்தோல். உள்பக்க வியர்வைக் கறை படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

வளையத்தை மாற்றிச் சோதித்து விற்பதா, அந்தச் செலவை விலையில் கழிப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.