பகலில் எடுத்த தெருப் படத்தை இரவாக்கணும், ஜன்னல் எல்லாம் ஒட்டி வைத்த மாதிரி இருக்கு (அவசரம்)

தெலங்ரோடு | செவ்வாய், இரவு 10:40
வணக்கம் எல்லோருக்கும். மாதுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடமும் அதன் முன்னால் இருக்கும் தெருவும் உள்ள பகல் படம் என்னிடம் இருக்கிறது. அதை இரவுக் காட்சியாக மாற்ற வேண்டும். இருட்டாக்கினேன், நீலம் கொடுத்தேன், ஜன்னல்களில் மஞ்சள் அடித்தேன், இரண்டு தெருவிளக்குகளையும் எரியவிட்டேன். பார்த்தால் மஞ்சள் காகிதம் ஒட்டின மாதிரி இருக்கிறது. சனிக்கிழமைக்குள் தேவை. யாராவது சொல்லுங்களேன்.

முரசு | இரவு 10:52
எந்த மென்பொருள்? படம் போனில் எடுத்ததா, கேமராவா? ரா கோப்பா, ஜேபெக்கா? எத்தனை மணிக்கு எடுத்தது? எதற்காகத் தேவை? இதில் ஒன்றுகூடச் சொல்லாமல் "சொல்லுங்களேன்" என்றால் என்ன சொல்வது? இந்தக் குழுவில் இதே கேள்வி பல தடவை வந்திருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

கடலோரன் | இரவு 11:05
மாதுங்கா பக்கத்தில்தானே இருக்கிறது? சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் ஒரு ஸ்டாண்டு வைத்து எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. மாற்றி மாற்றி எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

பழைய ரீல் | இரவு 11:20
பிரச்சினை நீலத்தில்தான் இருக்கும். சினிமாவில் பகலில் எடுத்து இரவாகக் காட்டுவது பழைய வழக்கம். ஒளியைக் குறைத்து எடுப்போம், நீலம் ஏற்றுவோம், வானம் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வோம். நீங்கள் போதுமான அளவு நீலம் கொடுத்திருக்க மாட்டீர்கள். இன்னும் ஏற்றிப் பாருங்கள், நிலா வெளிச்சம் வந்துவிடும்.

தெலங்ரோடு | புதன், காலை 7:15
கட்டடம் இப்போது இல்லை. ரீடெவலப்மெண்டுக்கு இடித்துவிட்டார்கள். எங்கள் நாடகக் குழுவுக்குப் பின்திரைக்காகக் கேட்கிறேன், கதை அந்தக் கட்டடத்தில்தான் நடக்கிறது. இந்த ஒரு படம்தான் இருக்கிறது. கிம்ப் பயன்படுத்துகிறேன். பழைய குடித்தனக்காரர் ஒருவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இதோ படமும் நான் செய்ததும்.

நிழற்குடை | காலை 8:30
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் அந்தக் குடித்தனக்காரரிடம் அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி வருகிறது. சுருங்கியதை இருட்டாக்கினால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும், உங்கள் படத்தில் வலது மேல் மூலையில் இப்போதே அது தெரிகிறது.

அடுத்து ஜன்னல். உங்கள் கவலை ஜன்னலைப் பற்றியது, ஆனால் கோளாறு அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. பால்கனிகளின் நிழல் சுவரில் சாய்வாக, வெட்டினாற்போல விழுந்திருக்கிறது. இடது பக்கத்திலிருந்து மாலை வெயில். அதை நீங்கள் இருட்டாக்கிவிட்டீர்கள், ஆனால் வெயில் அப்படியே இருக்கிறது, மங்கலான வெயிலாக. தெருவிளக்கு வலது பக்கம் எரிகிறது, நிழலோ இடது பக்கத்து ஒளியைச் சொல்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நம்ப மாட்டார்.

ஆகவே முதல் வேலை வெயிலை அணைப்பது. சுவரில் வெயில் பட்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். Colors > Exposure போய், பக்கத்து நிழல் பகுதிக்குச் சமமாகும்வரை இறக்குங்கள். இப்படிப்பட்ட வெயிலில் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று ஸ்டாப் வரும். வெயில் பகுதி மஞ்சளாகவும் நிழல் பகுதி நீலமாகவும் இருக்கும் என்பதால், இறக்கிய பிறகு நிறத்தையும் Color Temperature வைத்துச் சமப்படுத்த வேண்டும். ஓரத்தில் ஒரு கோடு மிஞ்சும், அதை Heal கருவியால் அழியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மீதி எதுவும் உட்காராது. முடிந்ததும் படம் மேகமூட்ட நாளில் எடுத்த மாதிரி இருந்தால் சரி. கார்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய நிழலைத் தொடாதீர்கள், அது மேகமூட்டத்திலும் இருக்கும்.

பழைய ரீல் | காலை 9:10
வெயில் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீலத்தை நீங்கள் தொடவே இல்லையே.

நிழற்குடை | காலை 9:45
சார், நீலம் காட்டுக் காட்சிக்குச் சரி, நகரத் தெருவுக்கு ஒத்துவராது. முழு நிலவு தரையில் தருவது கால் லக்ஸ் அளவுதான். ஒரு சாதாரணத் தெருவிளக்கின் கீழே பத்து லக்ஸ் கிடைக்கும். விளக்கு எரியும் தெருவில் நிலா எங்கே தெரியப்போகிறது? சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து வானத்தில் மிச்சமிருக்கும் நீலம் என்றால் சரி, ஆனால் அப்போது வானம் கட்டடத்தைவிட வெளிச்சமாக இருக்கும். எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இவர் படத்தில் கொஞ்சம் வானம் தெரிவதால், அந்தி என்று வைத்துக்கொள்வது இவருக்குச் சுலபம்.

மல்லேஸ்வரம் மணி | காலை 10:20
எனக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. பெங்களூரில் அக்கா மகள் கல்யாண வரவேற்புப் படங்கள் எல்லாம் ராத்திரி எடுத்தது, முகமெல்லாம் ஆரஞ்சாக இருக்கிறது. பகல் மாதிரி ஆக்க வழி உண்டா?

முரசு | காலை 10:31
தனி இழை தொடங்குங்கள்.

நிழற்குடை | பகல் 1:05
சாப்பாட்டு நேரத்தில் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட் சுவரை மூடும், வெளிச்சம் சுவரைக் காட்டும். வெயில் அணைத்த படத்தை இரண்டு லேயராக வையுங்கள். கீழே உள்ளதை Exposure-இல் மைனஸ் மூன்று வரை இறக்குங்கள், அதுதான் இரவு. மேலே உள்ளதை இறக்காமல் விட்டு, ஆரஞ்சு நிறத்தை Multiply-இல் அதோடு சேர்த்து ஒரே லேயராக்கி, கறுப்பு மாஸ்க் போடுங்கள். பிறகு விளக்கு விழும் இடத்தில் மட்டும் மாஸ்க்கில் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். அப்போது சுவரின் காரை, கறை, விளம்பர எழுத்து எல்லாம் ஒளியோடு சேர்ந்து வரும். உங்கள் படத்தில் கீழ்த்தளக் கடையின் நீல ஷட்டர் மஞ்சளாகிவிட்டதே, இந்த முறையில் அது மங்கிய பழுப்பாகத் தெரியும். ஆரஞ்சு விளக்கில் நீலம் அப்படித்தான் செத்துப்போகும்.

எவ்வளவு தூரம் திறப்பது? கம்பத்தின் உயரத்தைப் பாருங்கள். கம்பத்தடியிலிருந்து அதே உயரத்துக்குத் தள்ளிப் போனால், தரையில் வெளிச்சம் நேர்கீழே உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு மடங்கு தள்ளினால் பத்தில் ஒன்றுக்கும் கீழே. நீங்கள் தெரு முழுக்க ஒரே சீராகத் தடவியிருக்கிறீர்கள்.

இப்போது ஜன்னல். இரண்டு விஷயம் கவனியுங்கள். பகலில் உள்ளே இருட்டு, அதனால் வெள்ளைக் கம்பி வெளிச்சமாகத் தெரிகிறது. இரவில் இது தலைகீழ். உள்ளே வெளிச்சம், கம்பி கறுப்பு. நீங்கள் கம்பிக்கு மேலேயே மஞ்சளை அடித்துவிட்டதால்தான் காகிதம் ஒட்டின மாதிரி இருக்கிறது. கம்பியைத் தனியாகத் தேர்ந்தெடுத்து மேல் லேயரில் வைத்துக் கறுப்பாக்குங்கள், அதற்குக் கீழே வெளிச்சம் வரட்டும். இரண்டாவது, தெருவிலிருந்து மேலே பார்க்கும்போது மாடி வீடுகளில் தரை தெரியாது, கூரைதான் தெரியும். ஆகவே ஜன்னலின் மேல் பகுதி அதிக வெளிச்சம், கீழே குறைவு. கூரை, ஒரு ஃபேன், திரைச்சீலையின் ஓரம், இவ்வளவு போதும். ஜன்னலுக்கு மேலே உள்ள சஜ்ஜாவின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் ஒளி படியட்டும். ஒரு வீட்டில் குண்டு பல்பு, ஒரு வீட்டில் டியூப்லைட், சில ஜன்னல்கள் அணைந்தே இருக்கட்டும்.

கடலோரன் | பகல் 2:15
தரைக் கணக்கு அடைப்பில்லாத பல்புக்குத்தான் சரி. இப்போதைய எல்.ஈ.டி விளக்குகளில் லென்ஸ் இருக்கிறது, வெளிச்சம் பக்கவாட்டில் அகலமாகப் பரவும். அது தவிர ஏன் எல்லாரும் ஆரஞ்சு ஆரஞ்சு என்கிறீர்கள்? மும்பைத் தெருவில் இப்போது வெள்ளைதான்.

நிழற்குடை | பகல் 2:40
லென்ஸ் விஷயம் சரிதான், அப்படிப்பட்ட விளக்கு என்றால் இன்னும் மெதுவாகக் குறையும். நிறம் நாடகம் எந்த வருடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. தெலங்ரோடு, அதைச் சொல்லவில்லையே?

பழைய ரீல் | மாலை 4:00
மும்பை என்றாலே சோடியம் வேப்பர்தான். 2015-இல் மெரைன் டிரைவில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.ஈ.டி போட்டபோது ஊரே சண்டை போட்டது. ராணியின் கழுத்து மாலை என்று பேர் வாங்கின அழகே போச்சு என்றார்கள். மாதுங்காவிலும் அப்போது மஞ்சள்தான்.

முரசு | மாலை 4:25
மெரைன் டிரைவை வைத்து மாதுங்காவைச் சொல்லக்கூடாது. உள்தெருக்களில் சோடியத்துக்கு முன்னால் பாதரச விளக்கும் டியூப்லைட்டும் இருந்தன. அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த வெண்மை இருக்கும். நான் அங்கேயே வளர்ந்தவன்.

பழைய ரீல் | மாலை 4:50
நானும்தான். எங்கள் தெருவில் மஞ்சள்.

முரசு | மாலை 5:02
எந்தத் தெரு? எந்த வருடம்? கோவில் பக்கமா, ஸ்டேஷன் பக்கமா? உங்கள் பக்கம் முன்னதாகவே மாற்றியிருக்கலாம்.

மல்லேஸ்வரம் மணி | மாலை 6:10
ஆரஞ்சு முகம் பிரச்சினையும் சோடியத்தால்தானா? மண்டபத்துக்கு வெளியே அப்படித்தான் விளக்கு இருந்தது.

நிழற்குடை | மாலை 6:30
மணி, அப்படியானால் முழுக்க மீட்க முடியாது. சோடியம் விளக்கில் நீலம் கிட்டத்தட்ட இல்லை, இல்லாததைப் பின்னால் கொண்டுவர முடியாது. கறுப்பு வெள்ளையாக மாற்றுவது நல்லது, முகங்கள் தப்பிக்கும்.

தெலங்ரோடு | வெள்ளி, காலை 6:50
டாக்குமெண்டாக வாங்கிவிட்டேன். வெயிலை அணைத்ததும் பாதி சரியாகிவிட்டது. கம்பியைக் கறுப்பாக்கியதும் ஜன்னலும் உட்கார்ந்துவிட்டது. முதல் மாடி இடது ஜன்னல் மட்டும் இன்னும் சரியில்லை. நாடகம் 1987-இல் நடக்கிறது. ஃபிளெக்ஸுக்கு இன்று மதியம் கொடுக்கிறேன். நன்றி நிழற்குடை அண்ணா.

நிழற்குடை | காலை 7:20
ஃபிளெக்ஸா? கொடுப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். ஃபிளெக்ஸில் கருமை அடைத்துக்கொள்ளும், திரையில் தெரியும் சுவர் விவரம் அச்சில் காணாமல் போகும். Levels-இல் கீழே உள்ள Output பட்டையின் கறுப்பு முனையைச் சற்று ஏற்றுங்கள், ஒரு சின்னத் துண்டு அச்சடித்து மேடை விளக்கில் பாருங்கள். இடது ஜன்னலில் திரைச்சீலை முழுக்க மூடியிருக்கிறது, அதில் கூரையைக் காட்டக்கூடாது. துணி முழுக்க மங்கலாக ஒளிரட்டும், மடிப்புகள் மட்டும் இருண்டிருக்கட்டும்.

முரசு | காலை 7:45
1987 என்றால் நான் சொன்னதுதான், பாதரசம். ஆரஞ்சை எடுத்துவிடுங்கள்.

பழைய ரீல் | காலை 8:05
எடுக்காதீர்கள்.

கடலோரன் | சனி, மதியம் 12:30
அச்சடித்தது எப்படி வந்தது?