ஸ்லோ குக்கரில் மட்டன்: லோ 8 மணியும் ஹை 4 மணியும் ஒன்றா?

லீட்ஸ் புதுவரவு
பகிர்ந்து இருக்கும் வீடு, விசில் சத்தம் மற்றவர்களுக்கு ஆகாது. அதனால் 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் வாங்கினேன். கூட வந்த புத்தகத்தில் "லோ 8 மணி அல்லது ஹை 4 மணி" என்று இருக்கிறது. ஹலால் கடையில் எலும்போடு 1 கிலோ மட்டன் வாங்கி, ஹையில் சரியாக 4 மணி நேரம் வைத்தேன். கறி ரப்பர் மாதிரி, குழம்பு தண்ணீர் மாதிரி. இரண்டும் ஒன்று என்றால் லோவில் 8 மணி வைத்திருந்தாலும் இதே கதிதானா?

கிராய்டன் கணக்கு
சிம்பிள் ப்ரோ. ஹை 1 மணி = லோ 2 மணி. ஹைல சூடு ஜாஸ்தி, லோல கம்மி, அவ்ளோதான். லோல மெதுவா வேகறதால எப்பவும் சாஃப்டா வரும். அடுத்த முறை லோ 8 வைங்க, கறி காயாம இருக்க 2 டம்ளர் தண்ணி ஊத்துங்க.

ஹாரோ அக்கா
கணக்குத் தம்பி சொன்னதில் பாதி சரி. பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் வந்து நிற்கும், கொதிக்குக் கொஞ்சம் கீழே. அந்தச் சூட்டை எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பதில்தான் வித்தியாசம். ஹையில் 3 அல்லது 4 மணி ஆகும், லோவில் 7 அல்லது 8 மணி. 1-க்கு 2 கணக்கு ஓரளவு பொருந்துவது இதனால்தான்.

அது உடைகிற இடமும் இதுதான். ஹையில் 4 மணி என்றால் அதில் பெரும்பகுதி சூடேறவே போய்விடுகிறது. ஆட்டுக்கறியில் இருக்கும் சவ்வும் நாரும் கரைந்து குழைவதற்கு, நன்றாகச் சூடான பிறகும் சில மணி நேரம் வேண்டும். உங்கள் கறி அந்த நேரம் கிடைக்குமுன்னே வெளியே வந்துவிட்டது. குளிர்ந்த கறியும் குளிர்ந்த மசாலாவும் போட்டிருந்தால் இன்னும் மோசம்.

அந்தப் புத்தகத்தின் கணக்கு பெரும்பாலும் லாம்ப் தோள்கறிக்கு. இங்கே ஹலால் கடையில் மட்டன் என்று விற்பது பல இடங்களில் வயதான செம்மறி, வெள்ளாடு வேண்டுமானால் கோட் என்று கேட்க வேண்டும். லாம்புக்கு ஹை 4 போதும். மற்ற இரண்டுக்கும் ஹை 5½ முதல் 6, லோ 9 முதல் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். எது வாங்கினீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள், கணக்கே மாறும்.

ரப்பர் மாதிரி இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம், அதிகம் வெந்துவிட்டது என்று அல்ல. கரண்டியால் அழுத்தினால் பிளக்காது, எலும்பை விட்டு வராது. ஹையில் இன்னும் 1½ மணி வைத்தால் சரியாகிவிடும். அதிகம் வெந்தது நூல் நூலாகப் பிரிந்து, வாயில் போட்டால் வறட்சியாக இருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை, கொத்து பரோட்டாதான்.

2 டம்ளர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூடிக்குள் ஆவி தண்ணீராகித் திரும்ப உள்ளேயே விழுகிறது, கறியும் தன் பங்குக்கு நீர் விடும். 1 கிலோவுக்கு மசாலாவோடு அரை டம்ளர் போதும்.

பேச்சிலர் அறை 4
என்கிட்ட ஸ்லோ குக்கர் இல்ல, பிரஷர் மல்டி குக்கர்ல ஒரு "Slow Cook" பட்டன் இருக்கு. அதுல 8 மணி வச்சும் கறி வேகல. எத்தனை விசில் வைக்கணும்?

ஹாரோ அக்கா
ஸ்லோ குக் பட்டனில் விசிலே வராது தம்பி. பீங்கான் சட்டியைச் சுற்றிலும் சூடாக்குகிற மாதிரி இல்லாமல், அதில் அடியிலிருந்து மட்டும் சூடு வரும். அதனால் இந்தக் கணக்கை அதற்கு அப்படியே போடக் கூடாது. பிரஷர் பட்டன் இருக்கும்போது இதை ஏன் தொடுகிறீர்கள்?

யாழ் கறித்தூள்
தேங்காய்ப்பால் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. முதலிலேயே விட்டால் திரிஞ்சு எண்ணெய் வேறையாய் நிக்கும். கடைசி அரை மணித்தியாலத்திலை விடுங்கோ. கறித்தூளைப் பச்சையாய்ப் போடாதேங்கோ, ஸ்லோ குக்கருக்குள்ளை அது வறுபடாது, பத்து மணித்தியாலம் போனாலும் பச்சை வாசம் போகாது. வெங்காயம், இஞ்சி, உள்ளியோடை சட்டியிலை வதக்கிப்போட்டுத்தான் உள்ளை போக வேணும். கறுவா, கராம்பு பாதியாக் குறையுங்கோ, நேரம் போகப் போக அதின்ரை காரம் ஏறிக்கொண்டே போகும்.

லீட்ஸ் புதுவரவு
கடையில் கேட்டேன், வயதான செம்மறிதானாம். வியாழன் காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 5½ மணிக்குத்தான் வருவேன். எப்படி வைப்பது? கரண்ட் பில்லும் பயமாக இருக்கிறது.

ஹாரோ அக்கா
புதன் இரவே 2 பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, 2 தக்காளி, மசாலாத்தூள் எல்லாம் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் தனி டப்பாவில் வையுங்கள். கறி வேறு டப்பாவில். பீங்கான் சட்டியில் எல்லாவற்றையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அப்படியே சூடாகும் அடிப்பாகத்தில் வைக்காதீர்கள், சட்டி விரிசல் விடலாம்.

வியாழன் காலை 6¾ மணிக்கு மசாலாவில் கெட்டில் வெந்நீர் அரை டம்ளர் விட்டு, அடுப்பில் ஒரு கொதி வரவிடுங்கள். கறியையும் அதில் போட்டு 5 நிமிடம் புரட்டி, உப்பு முக்கால் பங்கு போட்டு, சூடாகவே சட்டிக்கு மாற்றுங்கள். சட்டி பாதியிலிருந்து முக்கால் வரை நிரம்பினால் சரி. 7 மணிக்கு லோ. உறைந்த கறியை மட்டும் போடவே போடாதீர்கள், கிருமி வளரும் வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடக்கும்.

5½ மணிக்கு வந்து கரண்டியால் அழுத்திப் பாருங்கள். பிளந்தால் கறியை வெளியே எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் அடுப்பில் 10 நிமிடம் சுண்டவிட்டு, மீதி உப்பும் மிளகுத்தூளும் போடுங்கள். தேங்காய்ப்பால் போடுவதானால் சுண்டிய பிறகு. நடுவில் யாராவது மூடியைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு தடவைக்கும் 20 நிமிடமாவது கூடும். ஹவுஸ்மேட்டிடம் சொல்லிவையுங்கள்.

கரண்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். 200 வாட்ஸ் என்றால் 10 மணிக்கு அதிகபட்சம் 2 யூனிட்.

கிராய்டன் கணக்கு
அதுக்கு லோ 5 மணி வச்சுட்டு மிச்ச நேரம் "Warm"-ல விட்டா போதாதா? அதுலயும் சூடு இருக்கே, வெந்துடும்.

ஹாரோ அக்கா
வார்ம் வெந்ததைச் சூடாக வைத்திருக்கத்தான். 5 மணியில் லோ இன்னும் முழுச் சூட்டுக்கே வந்திருக்காது, அங்கே நிறுத்தினால் முதல் தடவை வந்த அதே ரப்பர். உங்கள் குக்கர் மேல் சந்தேகம் இருந்தால், பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி லோவில் 8 மணி வைத்து, மூடியைத் திறந்த உடனே தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி செல்சியஸ் காட்டினால் நல்ல குக்கர். 85-க்குக் கீழே என்றால் அதில் கறி வைக்காதீர்கள்.

யாழ் கறித்தூள்
உருளைக்கிழங்கு போடுறதெண்டால் அடியிலை போடுங்கோ, இறைச்சியை விட அது வேகப் பிந்தும்.

கிராய்டன் கணக்கு
உருளை எனக்கு எப்பவும் குழைஞ்சுதான் போகுது அண்ணா. ஆனா ஒண்ணு, அக்கா என்ன சொன்னாலும் லோல வச்ச கறிதான் ருசி.

ஹாரோ அக்கா
ரெண்டு குக்கர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். உருளையைப் பெரிய துண்டாக வெட்டுங்கள்.