கலைச்சொல்: ‘கால் ஸ்கிரீனிங்’ தமிழில் எப்படி?

மாலதி:
வணக்கம். செல்பேசிக்கான தமிழாக்கக் கோப்பில் ஒரு சொல்லில் நிற்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் செல்பேசியே எடுத்து, யார், எதற்காக என்று கேட்டு, அவர் சொல்வதை எழுத்தாகத் திரையில் காட்டும் வசதி. கூகுள் 2018இல் பிக்சல் 3உடன் கொண்டுவந்தது, ஆப்பிள் 2025இல் ஐஓஎஸ் 26இல் சேர்த்தது. கோப்பில் யாரோ ‘அழைப்புத் திரையிடல்’ என்று போட்டிருக்கிறார்கள். திரையிடல் என்றால் படம் காட்டுவதுதானே நினைவுக்கு வரும்? ‘அழைப்பு வடிகட்டல்’ என்று மாற்றலாமா?

சுந்தரம்:
வடிகட்டல் சரிதான் அம்மா. ட்ரூகாலர் பல வருடமாகச் செய்வதும் இதுதானே. விளம்பர அழைப்பு 140இல் தொடங்கும், அதைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கலா:
ஐயா, 140 பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அங்கே எண்ணை வைத்து முடிவு செய்கிறோம், அழைத்தவர் வாயே திறப்பதில்லை. இங்கே அவரைப் பேசவிட்டு, பேசியதை உங்களிடம் கொடுத்துவிட்டு, எடுப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறது. எதுவும் வடிகட்டப்படவில்லை. மாலதி, ‘விசாரிப்பு’ என்று ஏதாவது யோசியுங்களேன்.

ரஹீம்:
சொல்லைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். போன் தெரியாத எண்ணை எடுத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. திரையில் `Keller Nick Iran report` என்று வந்தது. நிக் என்று யாரோ வெளிநாட்டுக்காரர் என நினைத்து வெட்டிவிட்டேன். அது லேபிலிருந்து வந்த பையன். “கீழ நிக்கிறேன், ரிப்போர்ட்” என்றுதான் சொன்னானாம். காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். இதை எங்கே புகார் செய்வது?

கலா:
ரஹீம் தம்பி, புகாருக்கு முன்னால் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். பேச்சை எழுத்தாக்கும் நிரலை முன்கூட்டியே ஒரு மொழிக்கு அமைத்திருப்பார்கள். அழைப்பவர் எந்த மொழியில் வாய் திறப்பார் என்று அதற்குத் தெரியாது. ஐஓஎஸ் 26 வந்தபோது இந்த வசதிக்கான மொழிகளில் இந்திய ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை. ஆங்கில நிரலுக்குக் ‘கீழ’ என்ற சொல்லே கிடையாது. ஒலியில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஆங்கிலச் சொல்லை எடுத்து வைத்துவிடும். அதிலும் எழுத்துக்கூட்டல் பிசகாமல் வருவதால் பிழை பிழையாகத் தெரியாது. சம்பந்தமில்லாத ஆட்பெயரும் நாட்டுப்பெயரும் வரிசையாக வந்து, நடுவில் ‘ரிப்போர்ட்’, ‘பார்சல்’ போல ஒன்று மட்டும் பொருந்தி நின்றால், பேசியது தமிழாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

தமிழ் நிரலே இருந்தாலும் சிக்கல் தீராது. காமன் வாய்ஸ் போன்ற திறந்த குரல் தொகுப்புகளில் தன்னார்வலர்கள் எழுதிய வாக்கியத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று படித்த குரலில் பழகிய நிரலிடம் ஒருவர் ‘வந்துட்ருக்கேன்’ என்கிறார். அதுகூடப் பரவாயில்லை, முன்பின் சொற்களை வைத்து ஊகித்துவிடும். நமக்கு முக்கியமாக வேண்டியது பெயர். அங்கேதான் பிடிப்பே கிடையாது. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸகரமும் ஃபகரமும் அதற்கு மேலேதான் அதிகம் ஒலிக்கும். அந்தத் தடத்தில் ஃபாத்திமாவோ ஸலீமோ அழைத்தால் முதல் எழுத்தே மங்கிவிடும்.

சுந்தரம்:
அப்படியானால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இந்த வேலைக்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறது: வாயிலோன். வழக்குரை காதையில் கண்ணகி யாரென்று தெரியாமலே அவன் மன்னனிடம் உள்ளே போய், கொற்றவை அல்லள் என்று தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள், வாசலில் நிற்கிறாள் என்று கண்டதைச் சொல்கிறான். வரச்சொல்வது மன்னன். கலா சொன்ன வேலை அப்படியே இதுதான்.

மாலதி:
அழகான சொல் ஐயா. எனக்கும் ஆசைதான். ஆனால் பொத்தானில் வினை வேண்டும். ‘வாயிலோன்’ என்று போட்டால் எதை அழுத்துகிறோம் என்று என் அம்மாவுக்குப் புரியாது. அமைப்புப் பக்கத்தில் ‘அழைப்பு விசாரிப்பு’, பொத்தானில் ‘யாரெனக் கேள்’ என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். வசதியின் பெயராக வாயிலோன் வரலாமா என்று மற்றவர்களும் சொல்லட்டும்.

கலா:
விசாரிப்புக்கு என் ஓட்டு. ஆனால் கீழே வரும் எழுத்துக்கு ‘எழுத்தாக்கம்’ என்று போடாதீர்கள். அவர் சொன்னது அப்படியே வந்திருப்பதாக நம்பிவிடுவார்கள், ரஹீம் நம்பியதுபோல. ‘காதில் விழுந்தது’ என்ற பொருளில் ஒரு சொல் வேண்டும். ‘கேட்டபடி’ என்று ஒன்று தோன்றுகிறது, அதிலும் முழுத் திருப்தி இல்லை.

ரஹீம்:
அக்கா, அதுவரை நான் என்ன செய்வது? உம்மாவுக்கு அடுத்த வாரம் மறுபடியும் பரிசோதனை.

கலா:
லேப் எண்ணையும், முடிந்தால் அந்தப் பையனின் எண்ணையும் வாங்கித் தொடர்புகளில் சேமித்துவிடுங்கள். சேமித்த எண் என்றால் விசாரிக்காமல் நேரே மணி அடிக்கும். வேறு எண்ணிலிருந்து வந்தால் அதே கதைதான். அந்த வாரம் மட்டும் வசதியை நிறுத்திவையுங்கள் தம்பி.